கறி முயல்: ஒரு ஈத்தின் நாள் கணக்கு

கேள்வி: வீட்டில் கூண்டு வைத்து கறிக்காக முயல் வளர்க்கலாம் என்று இருக்கிறேன். என்ன தீவனம் போடுவது, எத்தனை நாளுக்கு ஒரு முறை குட்டி போடும், என்ன நோய் வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று பெட்டை, ஒரு கிடா வைத்திருக்கிறேன். முயல் குட்டி போடுவது பெரிய விஷயமே இல்லை. போட்ட குட்டியை முதல் இரண்டு வாரம் காப்பாற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. என் முதல் ஈத்தில் ஏழு குட்டிகளும் ஒரே இரவில் செத்துப்போயின. குட்டிப் பெட்டி வைக்க ஒரு நாள் தாமதமாகிவிட்டது. தாய் வெறும் கம்பி வலை மேலேயே ஈன்றுவிட்டது. காலையில் பார்த்தபோது இரண்டு குட்டிகள் வலைக்குக் கீழே விழுந்து கிடந்தன, மற்றவை விறைத்துப்போயிருந்தன. அதற்குப் பிறகு நாள் குறிக்காமல் ஒரு பெட்டையையும் இணை சேர்ப்பதில்லை.

கூண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முயலுக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரம். குட்டி போடும் பெட்டைக்கு நீளத்தில் இன்னும் ஓரடி சேர்த்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கவேண்டும். அடி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போனால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். கூண்டின் கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஏறினால் கண் திறக்காத குட்டிகளை ஒரே ராத்திரியில் கடித்துக் கொன்றுவிடும்.

இனி நாள் கணக்கு. ஆறு மாதம் நிரம்பிய பெட்டையைத்தான் சேர்க்கவேண்டும். மாட்டுக்குப் போல முயலுக்குப் பருவ நாள் என்று தனியாக இல்லை. இணை சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டை வெளியாகும். பின்பகுதி உறுப்பு சிவந்து தடித்திருந்தால் சேர்க்கலாம், வெளிறியிருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். எப்போதும் பெட்டையைத்தான் கிடாவின் கூண்டுக்குக் கொண்டுபோகவேண்டும். கிடாவைப் பெட்டையின் கூண்டில் விட்டால், பெட்டை இது தன் இடம் என்று கிடாவைக் கடித்துக் குதறிவிடும். சேர்ந்து முடிந்ததும் கிடா சின்னதாக ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டில் சரிந்து விழும். அதைப் பார்த்ததும் பெட்டையை எடுத்துவிடலாம்.

எங்கள் வெள்ளைப் பெட்டை ஒன்றை ஜனவரி 5 அன்று சேர்த்தேன். 18 அன்று அடிவயிற்றை விரல்களால் மெதுவாகத் தடவியபோது திராட்சை அளவில் உருண்டைகள் வழுக்கிக்கொண்டு போயின. சினை உறுதி. அழுத்திப் பிடிக்கக் கூடாது, கரு கலைந்துவிடும். பிப்ரவரி 2, அதாவது 28ஆம் நாள், பெட்டி வைத்தேன். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், முன்பக்கம் தாழ்ந்த மரப்பெட்டி, உள்ளே காய்ந்த தென்னை நார். 4ஆம் தேதி மாலை அது தன் நெஞ்சு முடியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் பரப்ப ஆரம்பித்தது. விடிவதற்குள் எட்டு குட்டிகள். சினைக்காலம் சராசரியாக 31 நாள், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

தாய் முயல் நாளுக்கு ஒரே ஒரு முறைதான் பால் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் விடியற்காலையில் மூன்று நான்கு நிமிடம். மற்ற நேரம் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காது. புதிதாக வளர்ப்பவர்கள் தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று பயப்படுவது இதனால்தான். தினமும் காலையில் குட்டிகளைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டையாக, தோல் வழியாகவே பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கிக் கிடக்கும். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. பெட்டியில் இருக்கும் முடியைக் கையில் தேய்த்துக்கொண்டு எடுத்தால் போதும். அந்த எட்டில் மெலிந்திருந்த இரண்டை, இரண்டு நாள் முன்பு ஈன்றிருந்த இன்னொரு பெட்டையிடம் விட்டேன். ஒன்று பிழைத்தது.

பத்தாம் பன்னிரண்டாம் நாளில் கண் திறக்கும், மூன்றாம் வாரம் பெட்டியை விட்டு வெளியே வரும். மார்ச் 12 அன்று, ஐந்து வாரத்தில், தாயிடமிருந்து பிரித்தேன். ஏப்ரல் கடைசியில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தில் நின்றது. உரித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல் கறி.

குட்டிகளைப் பிரித்ததும் தாயை மறுபடி சேர்க்கலாம். ஆனால் நான் அதைச் செய்யவில்லை. மார்ச்சில் சேர்த்தால் ஏப்ரல் வெயிலில் குட்டி விழும். வெயில் 32 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கிடாவின் விந்தும் வீரியம் இழந்துவிடும், அது தேற சில வாரங்கள் ஆகும். எங்கள் பக்கத்தில் மார்ச் முதல் ஜூன் வரை நான் சேர்ப்பதில்லை. வருடத்துக்கு ஒரு பெட்டையிடம் மூன்று நான்கு ஈத்து போதும். கொடைக்கானல், ஊட்டி மாதிரிக் குளிர்ந்த ஊர் என்றால் கணக்கு வேறு.

தீவனம்: பத்து கிலோ கலக்க மக்காச்சோள நொய் 4 கிலோ, கோதுமைத் தவிடு 3.7 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, தாது உப்பு 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். தூசி மூக்கில் ஏறாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துப் பிசிறிப் போடவேண்டும். பெரிய முயலுக்கு நாளுக்கு 100 கிராம், பால் கொடுக்கும் தாய்க்கு அதைப்போல் இருமடங்கு. புண்ணாக்கை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பூசணம் பிடித்ததை முயல் தாங்கவே தாங்காது. மீதி வயிற்றுக்கு வேலிமசால், முயல்மசால், அகத்தி, முருங்கைத் தழை. சந்தையில் கிடைக்கும் முட்டைக்கோஸ் இலையைக் குறைவாகத்தான் போடுகிறேன், அதிகமானால் வயிறு உப்பும். எந்தத் தழையானாலும் காலையில் அறுத்து, நிழலில் வாட விட்டு, மாலையில் போடுங்கள். ஈரத் தழைதான் பாதிக் கழிச்சலுக்குக் காரணம். இரவில் முயல் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே தின்னும். அது நோயில்லை, அதன் செரிமான முறை.

நோயில் நான் அடிக்கடி பார்த்தது இரண்டு. ஒன்று ரத்தக்கழிச்சல். தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் வரும். வயிறு உப்பி, முடி சிலிர்த்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். வலையில் ஒட்டிய புழுக்கையிலிருந்துதான் பரவுகிறது. அதனால் வாரம் ஒரு முறை வலையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவர் தருவார், அன்றே போகவேண்டும். இரண்டாவது சொறி. காது, மூக்கு, கால் நகத்தடியில் சாம்பல் நிறப் பொருக்காக ஆரம்பிக்கும். ஐவர்மெக்டின் ஊசி தோலுக்கடியில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை போட்டால் போய்விடும். ஊசி போட்ட முயலை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாத்திரையைக் கரைத்து முயலுக்கு ஊற்றிவிடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, சில நாளில் முயலே கழிந்து செத்துவிடும்.