பைப் மேல மட்டும் கிழியுற பாலிஹவுஸ் ஷீட்டு: அடுத்தது எதை வாங்குறது?

கேள்வி: அண்ணே வணக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம் 25 சென்ட்ல பாலிஹவுஸ், வெள்ளரி போட்டிருக்கேன். மேல போட்ட ஷீட்டு ரெண்டரை வருசத்துலயே பைப் வர்ற இடத்துல எல்லாம் நீளநீளமா கிழிஞ்சிருச்சு. கடைக்காரர் 200 மைக்ரான் பத்தாது, 250 போடுங்கன்றார். இன்னொருத்தர் டிஃப்யூஸ்டு ஷீட்டு போட்டா சூடு கொறையும்ங்கிறார். சித்திரைல பிஞ்சு கருகுது. எதை வாங்க?

பதில்: தம்பி, கிழிஞ்ச ஷீட்ட தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அதுல ரெண்டு துண்டு வெட்டி வைங்க. பைப் மேல படிஞ்சிருந்த இடத்துல ஒண்ணு, ரெண்டு பைப்புக்கு நடுவுல சும்மா நின்ன இடத்துல ஒண்ணு. ரெண்டையும் கையால மெதுவா இழுத்துப் பாருங்க. நல்லா இருக்கிற ஷீட்டுன்னா ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு குடுத்துட்டுத்தான் கிழியும், செத்துப் போன ஷீட்டு அப்பளம் மாதிரி சட்டுனு பிஞ்சிரும். பைப் மேல இருந்தது மட்டும் பொட்டுனு போயி நடுத்துண்டு இன்னும் நீளுதுன்னா உங்க பிரச்சனை ஷீட்டோட தடிமன் இல்ல, பைப்போட சூடு. வெயில்ல ஜிஐ பைப் கை வைக்க முடியாத அளவுக்கு காயும், அது மேலயே நாள் பூரா ஒட்டிக் கிடக்குற பிளாஸ்டிக் மத்த இடத்தவிட வேகமா வயசாயிரும். அங்க 250 போட்டாலும் கொஞ்ச மாசம் கூட நிக்கும், அவ்வளவுதான்.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சல்லிசு. புது ஷீட்டு ஏத்துறதுக்கு முன்னாடி, ஷீட்டு தொடுற பைப்போட மேல்பக்கத்துக்கு மட்டும் தண்ணில கலக்குற வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சு நல்லா காய விடுங்க. கருப்பு கலர்ல எதையும் சுத்தாதீங்க, மிச்சம் கெடந்த பிவிசி பைப்ப வச்சு முட்டுக் குடுக்குறதும் வேணாம், பிவிசி படுற இடத்துல ஷீட்டு சீக்கிரம் கெடும்.

ரெண்டு துண்டுமே பொட்டுனு போச்சுன்னா கதை வேற. ஒண்ணு, ஷீட்டுல யூவி மருந்து ஒழுங்கா போடல. இல்லாட்டி நீங்க அடிச்ச மருந்து அத தின்னுருச்சு. வெள்ளரின்னா சாம்பல் நோய் வராம இருக்காது, வந்தா எல்லாரும் கந்தகத்தூள கலக்கித்தான் அடிக்கிறோம். பிளாஸ்டிக் வெயில்ல உடையாம காப்பாத்துறதுக்கு ஷீட்டு உருக்கும்போதே ஒரு பொருள கலப்பாங்க, ஹால்ஸ்னு சொல்லுவாங்க, கந்தகமும் குளோரினும் அந்த ஹால்ஸோட வேலைய கெடுத்துரும். அதனாலதான் வாரண்டி பேப்பர்ல பொடி எழுத்துல கந்தகம் இவ்வளவுக்கு மேல ஷீட்டுல ஏறியிருந்தா நாங்க பொறுப்பில்லன்னு போட்டிருப்பான், க்ளைம் கேட்டா துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பி அதைத்தான் மொதல்ல பாப்பான். கந்தகத்த கொதிக்க வச்சு புகை விடுற சட்டி வச்சிருந்தீங்கன்னா இன்னும் மோசம், ராத்திரி பூரா புகை மேல போயி ஷீட்டுலதான் படியும். அடிக்காம இருக்க முடியாது, எனக்கும் தெரியும், ஆனா அடிக்கிறப்ப நாசில செடியப் பாத்து பிடிங்க, கூரையப் பாத்து இல்ல. அடுத்த ஷீட்டு வாங்குறப்ப கந்தகம் தாங்குற ரகம் வேணும்னு கேளுங்க, அப்படி தனியா இருக்கு, விலை கொஞ்சம் கூட. வெள்ளரிக்காரன் அந்த காசை குடுக்கலாம்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப தடிமன். நம்ம ஊர்ல பாலிஹவுஸ் கூரைக்கு 200 மைக்ரான்தான் வழக்கம், அதே 200ஐ பழைய கடைக்காரங்க 800 கேஜ்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். தடிமன் குடுக்குறது காத்துக்கு தாங்குற பலம். ஆயுசு குடுக்குறது உள்ள கலந்த மருந்து. மருந்தே இல்லாம 250 வாங்கினா அது கட்டட வேலைக்கு விரிக்கிற பாலித்தீன் மாதிரிதான். அதனால 250க்கு போகாதீங்க, நல்ல ரகத்துல நெசமாவே 200 இருக்கான்னு பாருங்க, ஏமாத்துறது அங்கதான் நடக்குது.

நானே ஏமாந்தேன். ஒரு கடைல 200ன்னு சொல்லி சதுர மீட்டர் கணக்குல வாங்கிட்டு வந்து ஏத்தினேன், ரெண்டாவது வருசம் ஆடிக் காத்துல ஒரு பக்கம் பூரா படபடன்னு அடிச்சு பிஞ்சு போச்சு, அப்புறம்தான் மிச்சத்துண்ட எடை போட்டேன். கணக்கு சொல்றேன், சின்னப் பிள்ளை கணக்குதான். இந்த பிளாஸ்டிக் தண்ணிய விட கொஞ்சம் லேசு, தண்ணி 1னா இது 0.92, அதனால ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டுன 200 மைக்ரான் துண்டு சுமார் 184 கிராம் இருக்கணும். 7 மீட்டர் அகலம் 50 மீட்டர் நீளம் ரோல்னா 350 சதுர மீட்டர், எடை 64 கிலோ பக்கம் வரணும். உங்க ரோல எடை மேடைல வச்சா 55 கிலோதான் காட்டுதுன்னா, 55,000ஐ 350ஆல வகுங்க, சதுர மீட்டருக்கு 157 கிராம், அத 0.92ஆல வகுத்தா 171 மைக்ரான். நடுவுல இருக்கிற அட்டைக் குழாய் எடைய கழிச்சிட்டு கணக்கு போடுங்க, அத சேத்து எடை காட்டுறவங்களும் உண்டு. ஒண்ணு ரெண்டு கிலோ முன்னப்பின்ன இருந்தா விட்டுரலாம், 55னா திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு வந்தது 150 கூட தேறல, பில்லுல மைக்ரானே எழுதல, அப்புறம் எவன்கிட்ட போய் கேக்க.

அதனால பில்லுல மைக்ரான், யூவி ரகம், பேட்ச் நம்பர், எத்தனை வருசம்ங்கிறது எல்லாம் எழுதித்தான் வாங்கணும். புது ரோல்ல இருந்து ஒரு மீட்டர் துண்டு வெட்டி, தேதி எழுதி, வீட்டுக்குள்ள இருட்டுல பீரோல வைங்க. ரெண்டு வருசம் கழிச்சு கூரைத் துண்டையும் இதையும் பக்கத்துல வச்சு இழுத்துப் பாத்தா எவ்வளவு செத்திருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஷீட்டோட ஆயுசுங்கிறதையே நீளுற தன்மை புதுசுல இருந்ததுல பாதியா கொறையுற வரைக்கும்னுதான் கணக்கு வைப்பாங்க, கிழியுற வரைக்கும்னு இல்ல. கடைக்காரர் ரோல வெளிய வெயில்ல அடுக்கி வச்சிருந்தா அந்தக் கடையவே விட்டுருங்க.

சரி, சூடு. டிஃப்யூஸ்டு போட்டா சூடு கொறையும்னு சொன்னவரு பாதிதான் சரியா சொன்னாரு. சாதா கிளியர் ஷீட்டுல வெயில் நேரா அடிக்கும், மேல் இலையும் பிஞ்சும் கருகும், அடி இலை நிழல்ல கெடந்து மஞ்சளாகும். டிஃப்யூஸ்டு ஷீட்டு அதே வெயில நாலாபக்கமும் செதற விடும், வெளிச்சத்த பெருசா கொறைக்காது. பைப்போட நிழல்கூட தரைல கோடா விழாது. கொடி கட்டி மேல ஏத்துற வெள்ளரிக்கு இது நல்லா கைகுடுக்கும், அடி இலையும் வேலை செய்யும், உச்சி வெயில்ல கருகுறது கொறையும். ஆனா உள்ள வர்ற மொத்த வெயில் ஏறத்தாழ அதேதான, அப்ப காத்தோட சூடு எப்படி எறங்கும்? அதுக்கு மேல் வென்ட்டும் பக்கத்து வலையும் அடைபடாம இருக்கணும், வலைல தூசி அடைச்சிருந்தா மொதல்ல அத பீச்சி அடிச்சு கழுவுங்க, எந்த ஷீட்ட மாத்துறதவிடவும் அதுல பலன் கூட. உள்ள கருப்பு ஷேட்நெட் கட்டியிருந்தீங்கன்னா அது வெயில குடிச்சு சூட்ட உள்ளயே கக்கும், வெள்ளையோ அலுமினியம் கலந்ததோ மாத்துங்க, சித்திரை வைகாசில உச்சி வேளைக்கு மட்டும் இழுத்து விடுங்க.

டிஃப்யூஸ்டா இல்லையான்னு கடை வாசல்லயே பாத்துரலாம். வெயில்ல ஷீட்டுத் துண்ட இடுப்பு உயரத்துல ஒருத்தர் பிடிக்கட்டும், அதுக்குக் கீழ, தரைக்கு ஒரு முழம் மேல நீங்க கைய நீட்டுங்க. விரல் நிழல் தனித்தனியா ஓரம் தெளிவா விழுந்தா கிளியர், விரலே பிரியாம மங்கலா கெடந்தா டிஃப்யூஸ்டு. ஆனா வெள்ளைச் சாயம் கலந்த பால் கலர் ஷீட்டும் இந்த டெஸ்ட்ல பாஸ் ஆயிரும், அது வெளிச்சத்தையே தின்னுரும். அதனால போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, போன வானத்தப் பாக்க வச்சு வெளிய ஒரு தடவ, ஷீட்டுக்கு அடில ஒரு தடவ பாருங்க. வெளிய 100 இருந்தா அடில 85 பக்கம் வரணும், 60, 65னு எறங்கினா வேணாம்.

ராத்திரி குளிர தடுக்குற ஐஆர் ஷீட்டுன்னு ஒண்ணு காட்டி கூட காசு கேப்பாங்க. கொடைக்கானல், ஊட்டின்னா வாங்கலாம். உங்களுக்கு வேணவே வேணாம்.

ஏத்துற நேரமும் முக்கியம். மார்கழி அதிகாலை குளிர்ல இழுத்துக் கட்டினா பங்குனில தொங்கும், தொங்குற ஷீட்டு ஆடில அடிச்சே கிழியும். நட்ட நடு வெயில்ல இழுத்தா ராத்திரி சுருங்கி ஸ்பிரிங் பிடிக்கிற எடத்துல விண்ணுனு இழுக்கும். காத்து இல்லாத நாளா பாத்து, காலைல வெயில் லேசா ஏறுனதும், பத்து மணிக்குள்ள முடிச்சிருங்க. ஷீட்டு ஓரத்துல எந்தப் பக்கம் வெளிய வரணும்னு அச்சடிச்சிருக்கும், மாத்திப் போட்டா தண்ணி சொட்டாம இருக்க உள்பக்கம் போட்ட பூச்சு மழைல கழுவிட்டுப் போயிரும். எங்க ஊர்ல ஆளுங்க அத படிக்கிறதே இல்ல, நீங்க கீழ நின்னு கத்திக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: யூவி பிளாக் ஷீட்டுன்னா நாம வாங்குற யூவி ஷீட்டுதான? வெள்ளை ஈ வராதுன்னு சொல்றாங்க, நான் கத்திரி போடலாம்னு இருக்கேன்.

பதில்: பேரு ஒரே மாதிரி இருக்கு, விசயம் வேற. யூவி ஸ்டெபிலைஸ்டுன்னா வெயிலோட யூவில ஷீட்டு கெடாம இருக்கிறதுக்கு. யூவி பிளாக்குன்னா அந்த யூவிய உள்ளயே விடாம மறைக்கிறது. வெள்ளை ஈயும் இலைப்பேனும் வழி பாக்குறதுக்கு யூவி வெளிச்சம் வேணும், அது இல்லாட்டி உள்ள பரவுறது கொறையும், அது உண்மைதான், ஒரேடியா நின்னுராது. வெதையில்லாத வெள்ளரிக்கு தேனீ தேவையில்ல, அதனால அங்க தாராளமா போடலாம். ஊதா கத்திரிக்கு யோசிங்க, அந்த ஊதா நெறம் ஏறுறதுல யூவிக்கும் பங்கு உண்டு, பிளாக் ஷீட்டுக்கு அடில காய் வெளிறிப் போயி மார்க்கெட்ல வெலை கொறைச்சுக் கேப்பான். தேனீயும் பூவத் தேடுறதுக்கு யூவிய பயன்படுத்துது, அதுவும் தடுமாறும். ஊதா ரகம்னா சாதா டிஃப்யூஸ்டு போட்டு, பக்கத்து வலைய 40 மெஷ்ல ஓட்டை இல்லாம வச்சுக்கிட்டு, வாசல்ல ரெட்டைக் கதவு போடுங்க.