தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்: கழுத்து எங்கே அடிபடுகிறது?

"எனக்கு 41 வயது, எடை 48 கிலோ. தெருக்குழாய் வீட்டிலிருந்து 300 மீட்டர். தினமும் காலையில் தலையில் ஒன்று, வலது இடுப்பில் ஒன்று என நான்கு நடையில் எட்டுக் குடம் தண்ணீர் எடுக்கிறேன். மூன்று மாதமாகப் பின்கழுத்து வலிக்கிறது. வலது கட்டைவிரல் மரத்துப்போகிறது. தலையில் வைப்பதை விட்டுவிட்டு இடுப்பில் மட்டும் சுமந்தால் சரியாகிவிடுமா?"
– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

விரல் மரத்துப்போவது முழுமையாக நிற்கும்வரை தலையில் எந்தச் சுமையும் வேண்டாம் அம்மா. ஆனால் அந்தக் குடத்தை இடுப்புக்கு மாற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் கழுத்தைக் கெடுத்ததில் இடுப்புக் குடத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. ஊரில் ஜவ்வு என்பார்கள். எலும்புகளின் இரு பக்கமும் இருக்கும் சிறு துளைகள் வழியாகத்தான் கைக்குப் போகும் நரம்புகள் வெளியே வருகின்றன. கழுத்து நேராக நிமிர்ந்திருந்தால் தலைமேல் உள்ள எடை வட்டின் பரப்பு முழுவதிலும் பரவி இறங்கும். கழுத்து சாய்ந்துவிட்டால் எடை முழுவதும் ஒரு விளிம்பில் ஏறுகிறது. சாய்ந்த பக்கத்துத் துளை குறுகி, நரம்பு நெருக்கப்படுகிறது.

இப்போது நீங்கள் நடந்து வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். வலது இடுப்பில் குடம் இருப்பதால் உடல் தானாக இடப்பக்கம் சாய்கிறது. தலைக்குடம் கவிழாமல் இருக்க வேண்டுமே! அதனால் கழுத்து மட்டும் திரும்ப வலப்பக்கம் வளைந்து தலையை நிமிர்த்திப் பிடிக்கிறது. வளைந்து நிற்கும் அந்தக் கழுத்தின்மேல் 15 கிலோவுக்கு மேல் எடை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிறு இடி. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையில் வெளிவரும் நரம்புதான் கட்டைவிரலின் உணர்ச்சியைத் தருகிறது. கழுத்தில் மிக அதிகமாகத் தேய்கிற இடங்களில் அதுவும் ஒன்று. வலப்பக்கம் வளைந்த கழுத்தும் வலது கட்டைவிரலில் மரமரப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். மரமரப்பு இருக்கும்போது வலது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து ஒரு நிமிடம் உட்காருங்கள். குறைந்தால், அது கழுத்து நரம்பு என்பதற்கு நல்ல அடையாளம். கை உயரும்போது நரம்பின் இழுவிசை தளர்கிறது. அப்படியில்லாமல் இரவில் மரத்துப்போய் விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. எதுவானாலும் மூன்று மாதம் நீடித்திருப்பதால் எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யாவின் லுவோ இனப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும் கூடுதல் மூச்சு செலவாவதில்லை என்று 1986-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. தலைச்சுமை தீங்கற்றது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அங்கே அளக்கப்பட்டது மூச்சு. கழுத்து எலும்பு அன்று. ஆனாலும் அந்த ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாத கோடாக நான் எடுத்துக்கொள்கிறேன். 48 கிலோ உள்ள உங்களுக்கு அது பத்துக் கிலோகூட வராது. நிறைகுடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. பித்தளைக் குடமென்றால் வெறுங்குடமே பல கிலோ. அந்தக் குடத்தையே அரைகுறையாக நிரப்புவதும் சரியல்ல. தண்ணீர் தளும்பித் தலையை அலைக்கழிக்கும், கழுத்துத் தசைகள் நொடிக்கு நொடி இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். எட்டு லிட்டர் பிடிக்கும் சிறு குடத்தைக் கழுத்துவரை நிரப்புவதே நல்லது.

சரி, இப்போதைக்குத் தண்ணீருக்கு என்ன வழி? உங்கள் தேவை 120 லிட்டர். இரு கைகளிலும் சம எடையாக ஏழெட்டு லிட்டர் வாளிகள் தூக்கினால் முதுகு சாயாது. ஆனால் எட்டு நடை, கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். அதோடு தோள் கீழே இழுபடுவதால் நெருக்கப்பட்ட நரம்புக்கு அதுவும் ஆகாது. சைக்கிள்தான் சரியான தீர்வு. பின்கேரியரில் குறுக்குக் கம்பி கட்டி இரு பக்கமும் ஒவ்வொரு குடத்தைத் தொங்கவிட்டுத் தள்ளி வந்தால், இப்போது நடக்கும் அதே நான்கு நடைதான். குடத்தைத் தூக்கி மாட்ட வீட்டிலுள்ள ஆண்கள் வரட்டும். இந்த ஏற்பாடு ஆறு வாரமாவது தொடர வேண்டும்.

அதன்பின் மரமரப்பு அறவே இல்லையென்றால், மீண்டும் தலையில் வைப்பதை மெல்லத் தொடங்கலாம். அப்போது முதலில் கவனிக்க வேண்டியது சும்மாடு. துண்டைச் சும்மா மடித்துத் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன்; அது போதாது. இறுக்கமாக முறுக்கி வளையமாகச் சுற்றுங்கள். குடத்தின் அடி அந்தக் குழிக்குள் உட்கார வேண்டும். விரலால் தட்டினால் ஆடக்கூடாது. வளையம் இரு காதுகளுக்கும் நேர்மேலே உச்சியில் இருக்கட்டும். பின்னுக்குத் தள்ளி வைத்தால் முகவாய் தூக்கிக்கொள்ளும், பின்கழுத்து மடங்கும்.

நடப்பதைவிட ஏற்றுவதும் இறக்குவதும்தான் ஆபத்தான நேரம். தரையிலிருந்து தனியாகத் தூக்கி, முழங்காலில் ஒரு நிறுத்தம் கொடுத்து, உடலை முறுக்கித் தலைக்கு ஏற்றுகிறோமே, அந்த முறுக்கில்தான் பல கழுத்துகள் பிடித்துக்கொள்கின்றன. குழாயடித் திண்டில் குடத்தை வைத்து நிரப்புங்கள். எதிரே ஒருவர் நின்று இருவருமாகத் தூக்குங்கள். இறக்கும்போதும் அப்படியே, தலையைச் சாய்த்துக் குடத்தைச் சரிக்கக் கூடாது. நடக்கையில் பத்தடி தூரத்தைப் பாருங்கள். காலடியைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தலாம், தலையைத் தாழ்த்த வேண்டாம். ஒரு கை குடத்தைத் தொட்டிருக்கட்டும். இடுப்பில் இரண்டாவது குடம் இனி எப்போதும் கூடாது. வளரும் பிள்ளைகள் தலையில் குடம் ஏற்றவே வேண்டாம்.

வலிக்காக முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்ளாதீர்கள். வட்டு ஏற்கெனவே பிதுங்கியிருந்தால் அந்த ஒரு திருப்பலில் நரம்பு இன்னும் நசுங்கலாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியவும் கூடும்.

வேறு சில அறிகுறிகள் தெரிந்தால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. பூக் கட்டும்போதோ ஜாக்கெட் கொக்கி மாட்டும்போதோ இரண்டு கை விரல்களும் தடுமாறுவது, கால்கள் விறைத்து நடை தள்ளாடுவது, குனிந்தால் முதுகுத்தண்டு வழியே ஷாக் அடித்தாற்போல் ஓடுவது, சிறுநீர் அடங்காமல் போவது: இவை தண்டுவடமே நெருக்கப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன. அன்றே மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போய், "தலையில் சுமை தூக்குகிறவள்" என்பதை முதலில் சொல்லுங்கள்.