"பஸ் போயிடுச்சு": பார்வையற்ற குழந்தையின் கனவு

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. கொஞ்ச நாளாக விடியற்காலையில் அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள். கனவில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, பஸ் போயிடுச்சு" என்கிறாள். படமே தெரியாத பிள்ளைக்குக் கனவு எப்படி வரும்? நான் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அவள் சொன்ன "பஸ் போயிடுச்சு" என்பதே முழுக் கனவாக இருக்கலாம், அம்மா. விழித்திருக்கும்போது எந்த வழியில் உலகத்தை அறிகிறோமோ, அந்த வழியில்தான் மூளை கனவையும் கட்டுகிறது. ஏறத்தாழ ஐந்து வயதுக்குள் பார்வை போனவர்களின் கனவில் படம் வருவதில்லை. ஏழு வயதுக்குப் பிறகு போனவர்களுக்குப் பல வருடம் கழித்தும் வரும். இடைப்பட்ட வயதில் ஆளுக்கு ஆள் மாறும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஆம்பூர்க்காரர், பிறவியில் பார்வையற்றவர். இறந்துபோன அப்பாவை அடிக்கடி கனவில் சந்திப்பதாகச் சொன்னார். முதலில் வருவது தோல் ஷாப்பின் ஈரத்தோல் வாடை. அப்புறம் இடது கால் இழுபடும் செருப்புச் சத்தம். காய்ப்பு விழுந்த உள்ளங்கை தலையில் படும். சில நாள் இவை எதுவுமே இருக்காதாம், ஆனாலும் அப்பா அறையில் இருக்கிறார் என்பது சந்தேகமில்லாமல் தெரியுமாம். நம் கனவிலும் முகம் சரியாகத் தெரியாத ஒருவரை இன்னார் என்று அறிந்துகொள்கிறோமே, அதேதான்.

உங்கள் மகளின் கனவை இப்படியே விரித்துப் பாருங்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் உங்கள் கையைப் பிடித்து நிற்கிறாள். இன்ஜின் உறுமுகிறது, டீசல் வாடை, காலுக்கடியில் அதிர்வு. கை நழுவுகிறது. உறுமல் தூரமாகிறது, உங்கள் குரலும் அதோடு போகிறது. தொலைந்துபோவதன் பயம் முழுவதும் இதில் இருக்கிறது. டென்மார்க்கில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறவிப் பார்வையற்றோரின் கனவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கெட்ட கனவாக இருந்தது. பார்வையுள்ளவர்களுக்கு நூற்றுக்கு ஆறுதான். கலந்துகொண்ட பிறவிப் பார்வையற்றோர் 11 பேர்தான் என்பதால் எண்ணிக்கையை இறுகப் பிடிக்க வேண்டாம். ஆனால் வண்டி மோதுவது, குழியில் விழுவது என்று கனவில் வந்தவற்றில் பல, பகலில் அவர்கள் உண்மையாகவே கவனமாக இருக்க வேண்டிய ஆபத்துகள். அதனால் சமீபத்தில் பயணத்தில் ஏதாவது நடந்ததா, பள்ளிக்குப் போகும் வழி மாறியதா என்று முதலில் விசாரியுங்கள்.

கனவைப் பற்றிக் கேட்கும்போது "என்ன பார்த்தாய்" என்று தொடங்காதீர்கள். யார் குரல் கேட்டது, கையில் என்ன இருந்தது, காலுக்கடியில் மண்ணா சிமெண்டா, என்ன வாசனை, பயம் எந்த இடத்தில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவசரப்படுத்தாமல், காலையில், சாப்பிடும்போது கேட்டால் போதும். கதை வந்த பிறகு, பகலிலேயே இருவரும் சேர்ந்து முடிவை மாற்றுங்கள். பஸ் நகர்கிறது, அவள் சத்தமாகக் கூப்பிடுகிறாள், கண்டக்டர் விசில் ஊதுகிறார், பஸ் நிற்கிறது, உங்கள் கை அவள் கையைப் பிடிக்கிறது. விசிலை உண்மையாகவே ஊதிக் காட்டுங்கள், கையையும் பிடியுங்கள். படுக்கும் முன் சில நாள் இந்தப் புது முடிவை அவளே சொல்லட்டும். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைதான் இது. மனதில் படம் வரையச் சொல்லும் இடத்தில் நாம் ஒலியையும் தொடுதலையும் வைக்கிறோம்.

இரவில் அழுது எழுந்தால் முதலில் பெயர் சொல்லிப் பேசுங்கள், அப்புறம் தொடுங்கள். சட்டென்று தூக்கினால் கனவின் தொடர்ச்சி என்றே நினைப்பாள். சுவரையும் கட்டில் விளிம்பையும் அவளே தடவிப் பார்க்கட்டும். ஓடும் ஃபேன் சத்தமும் பழகிய போர்வையும் நைட் லேம்ப் செய்யும் வேலையைச் செய்யும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூங்கி ஓரிரு மணி நேரத்திலேயே அலறி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல், காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது கனவு அல்ல, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் திகில். அப்போது எழுப்ப வேண்டாம், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் மகள் விடியற்காலையில் எழுந்து பஸ்ஸைப் பற்றிச் சொல்வதால், இது கனவாகத்தான் தோன்றுகிறது.

தூங்கவே பயப்படுகிறாள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உடல் விறைக்கிறது அல்லது வெட்டி இழுக்கிறது, தூங்கும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய்ப் பகலில் சோர்ந்து விழுகிறாள் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது, கண்ணுக்கு வெளிச்சமே எட்டாதவர்களுக்கு உடல் கடிகாரம் விலகுவதால் வருவது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. வேலூரிலேயே சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். போகும்போது, எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன சொன்னாள் என்று இரண்டு வாரக் குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள்.