முதுகும் வயிறும் உரசினால்தான் நிம்மதி

லைட் போட்டதும் கரப்பான்பூச்சி ஏன் சிதறி ஓடி இடுக்கில் நுழைகிறது?

இருட்டில் இரை தேடும் பூச்சி அது. வெளிச்சம் பட்டால் எதிரி கண்ணில் சிக்கிவிடும். அதனால் ஒளியைக் கண்டதும் விலகி ஓடுவது அதன் பிறவிக்குணம். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு கொம்புகளில் நுண்ணிய மயிர்கள் உண்டு. நீங்கள் காலெடுத்து வைக்கும்போது அசையும் காற்றே அவற்றுக்குப் போதும், ஓட்டம் இன்னும் வேகமாகும்.

இடுக்கைத் தேடுவதற்குக் காரணம் தொடு உணர்வு. முதுகும் வயிறும் ஒருசேர எதிலாவது உரசினால்தான் அது அடங்கும், நாம் போர்வையை இறுகச் சுற்றிக்கொண்டு தூங்குவதைப் போல. உடலோட்டின் தகடுகளை மெல்லிய சவ்வு இணைப்பதால், சுமார் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள அமெரிக்கக் கரப்பான் 3 மில்லிமீட்டர் இடுக்கிலும் தட்டையாகி நுழைந்துவிடும்.

இரவெல்லாம் விளக்கை எரியவிட்டால் கரப்பான் வராது என்பது தவறு. இடுக்குகள் திறந்திருக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.