மடங்கும் பஸ் வளைவில் எப்படித் திரும்புகிறது?

கேள்வி: சிங்கப்பூரில் ஐந்து வருடமாக 12 மீட்டர் பஸ் ஓட்டுகிறேன். இப்போது நடுவில் மடங்கும் 18 மீட்டர் வண்டிக்கு (ஊரில் வெஸ்டிபியூல் பஸ் என்போமே) மாறுகிறேன். இடப்பக்கம் திரும்பும்போது பின்பகுதி எவ்வளவு உள்ளே வரும்? பயிற்சியில் ரிவர்ஸ் எடுத்தபோது பஸர் கத்தி வண்டி நின்றுவிட்டது. அது ஏன்?

பதில்: மூட்டு எங்கே இருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அது நடுச் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை. அதற்குப் பின்னால், ஏறத்தாழ ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் ஒடிக்கத் தொடங்கும்போது முன்பகுதி நடுச் சக்கரத்தை மையமாக வைத்துத் திரும்பும். அதனால் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூட்டு முதலில் வலப்பக்கம் லேசாக விலகும். பின்பகுதியின் மூக்கையும் கூடவே வெளியே இழுத்துச் செல்லும். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே செய்தது இது. இந்தச் சின்ன விலகல்தான் பின்பகுதி அதிகமாக உள்ளே வெட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன், நடுச் சக்கரங்களுக்கு இடையே 5.9 மீட்டர், நடுச் சக்கரத்திலிருந்து மூட்டுக்கு 1.7, மூட்டிலிருந்து கடைசிச் சக்கரத்துக்கு 4.3 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டியரிங்கை அசைக்காமல் வட்டமடித்தால், நடு ஆக்சிலின் மையம் 10 மீட்டர் ஆரத்தில் போகும்போது முன் ஆக்சில் 11.6 மீட்டரிலும் கடைசி ஆக்சில் 9.2 மீட்டரிலும் போகும். அதாவது நடுச் சக்கரம் முன்சக்கரத்தைவிட 1.6 மீட்டர் உள்ளே, கடைசிச் சக்கரம் இன்னும் 0.8 மீட்டர் உள்ளே. அப்போது மூட்டு சுமார் 35 டிகிரி மடங்கியிருக்கும். சாதாரண 90 டிகிரி திருப்பத்தில் வட்டம் முழுமையடையும் முன்பே நீங்கள் நேராக்கிவிடுவதால், உள்வெட்டு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் தாமதமாக வரும். ஆபத்து அந்தத் தாமதத்தில்தான். பழைய வண்டியில் இரண்டாவது சக்கரம் முனையைத் தாண்டியதும் நிம்மதியாகிவிடுவீர்கள். இதில் அதே நேரத்தில் ஸ்டியரிங்கை நேராக்கி வேகமெடுத்தாலும், மூன்றாவது சக்கரம் அப்போதுதான் நடைபாதை விளிம்பை நெருங்கிக்கொண்டிருக்கும். இடக் கண்ணாடியில் அந்தச் சக்கரம் முனையைத் தாண்டும்வரை கண்ணை எடுக்காதீர்கள். வலக் கண்ணாடியில் பின்பகுதியைத் தேடாதீர்கள், இடப்பக்கத் திருப்பத்தில் அது அங்கே தெரியாது.

சரி, மூட்டுக்குள் என்ன இருக்கிறது? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய இரும்பு வளையங்கள், நடுவே குண்டுகள். அதுதான் டர்ன்டேபிள். ஒரு வளையம் முன்பகுதியோடும் மற்றொன்று பின்பகுதியோடும் இணைந்திருக்கும். மேட்டில் ஏறி இறங்க மேலும் கீழும் அசையும் பேரிங்கும் உண்டு. மூட்டைச் சுற்றி மூடியிருக்கும் மடிப்புத் துணிதான் துருத்தி. அதன் நடுச் சட்டம் எப்போதும் பாதிக் கோணத்தில் நிற்கும். வண்டி 30 டிகிரி மடங்கினால் அது 15 டிகிரி திரும்பும், துணி இரண்டு பக்கமும் சமமாக மடியும்.

இதெல்லாம் சுதந்திரமாகச் சுழன்றால் ஆபத்து. உங்கள் ஊரில் ஓடும் எம்.ஏ.என். ஏ24 போன்ற வண்டிகளில் இஞ்சின் கடைசியில் இருக்கிறது, மூன்றாவது ஆக்சில்தான் வண்டியைத் தள்ளுகிறது. கயிற்றைப் பின்னாலிருந்து தள்ளினால் நடுவில் வளையுமல்லவா, ஈரச் சாலையில் அதே கதைதான். அதனால் டர்ன்டேபிளில், மடிப்பு வேகமாகக் கூடாமல் எண்ணெயால் தடுக்கும் ஹைட்ராலிக் டேம்பர்கள் வைத்திருப்பார்கள். ஸ்டியரிங், வேகம், மடிப்புக் கோணம் மூன்றையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்கள் திருப்பாமலேயே மடிப்பு கூடினால் எண்ணெய் போகும் வழியை இறுக்கிவிடும். ஆனாலும் வழுக்கும் வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். இறுக்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

இப்போது உங்கள் பஸர். முன்னோக்கிப் போனால் மடிப்பு தானாக நேராகும். பின்னோக்கிப் போனால் சின்னக் கோணம்கூடத் தானாகவே பெரிதாகும். மூட்டு மடங்கும் எல்லை மாடலுக்கு மாடல் மாறும், பெரும்பாலும் 50 டிகிரி பக்கம். அதை நெருங்கும்போது எச்சரிக்கை வரும். அதையும் தாண்டினால் வண்டியின் இரண்டு பகுதிகளும் மோதி மூட்டு உடையும் என்பதால் வண்டியே பின்னோக்கி நகர மறுக்கும். பழுது ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிப் போராடாமல், முன்னோக்கி நேராக ஏழெட்டு மீட்டர் எடுத்து மடிப்பைக் குறைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பஸர் வேறு, மூட்டுப் பழுது விளக்கு வேறு. ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் டேம்பர் கட்டுப்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து டிப்போவுக்குச் சொல்லுங்கள். நேர் சாலையில் பின்பகுதி வாலாட்டினாலோ, மூட்டுக்குக் கீழே எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மூட்டில் 'டொக்' என்று சத்தம் வந்தாலோ விளக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த டொக் பெரும்பாலும் பேரிங் தளர்ந்ததன் அறிகுறி.