விடியற்காலையில் இறங்குபவருக்கு அறை எப்போது கிடைக்கும்?

கேள்வி: எங்கள் விமானம் 12ஆம் தேதி காலை 5 மணிக்குத் தரையிறங்குகிறது. ஹோட்டலில் செக்-இன் பிற்பகல் 2 மணிக்குத்தான். வயதான அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அதுவரை என்ன செய்வது? முந்தைய இரவுக்கும் பணம் கட்டுவது வீண்செலவா?

பதில்: அம்மா உடன் வருவதால் அதை வீண்செலவு என்று நான் சொல்ல மாட்டேன். 11ஆம் தேதி இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்தால், குடிவரவுச் சோதனை முடிந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஏழு மணியளவில் நீங்கள் ஹோட்டலை அடையும்போது அறை உங்களுக்காகக் காத்திருக்கும். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. 11ஆம் தேதி நள்ளிரவு கடந்தும் நீங்கள் வந்து சேராவிட்டால், வராத விருந்தினர் என்று குறித்துக்கொண்டு, முதல் இரவுக்கான கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு, மீதி நாட்களுக்கான பதிவையே ரத்து செய்துவிடும் ஹோட்டல்கள் உண்டு. எனவே, "12ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வருவோம், அறையை வைத்திருங்கள்" என்று விமான எண்ணுடன் ஹோட்டலுக்கே நேரடியாக எழுதி, அவர்களின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவுத் தளத்தின் குறிப்புப் பெட்டியில் எழுதுவது வெறும் வேண்டுகோள்தான். அது ஹோட்டலைக் கட்டுப்படுத்தாது.

அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால், முன்கூட்டியே செக்-இன் செய்ய முடியுமா என்று கேட்கலாம். முந்தைய விருந்தினர் பொதுவாக நண்பகலை ஒட்டித்தான் அறையைக் காலி செய்வார் என்பதால், முதல் நாள் இரவு காலியாகக் கிடந்த அறையைத்தான் காலையில் தர முடியும். ஆகவே பல வாரங்களுக்கு முன் கேட்பதைவிட, பயணத்துக்கு முந்தைய மாலையில் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். இதற்குக் கட்டணம் கேட்டால், எத்தனை மணியிலிருந்து அறை கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். பத்து மணிக்குத் தொடங்குவதற்கு அரை நாள் வாடகை என்றால் உங்கள் களைப்பு அதில் பெரிதாகத் தீராது. அதைவிட ஒரு முழு இரவுக்குக் கொடுப்பதே மேல்.

இரண்டும் அமையாவிட்டாலும் பெட்டிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பதிவு செய்த விருந்தினரின் பெட்டிகளைச் செக்-இன் நேரத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது ஹோட்டல்களில் பரவலான வழக்கம், பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அடையாளச் சீட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டு, பணம், அம்மாவின் மருந்துகள் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். உடற்பயிற்சிக்கூடமோ நீச்சல் குளமோ இருந்தால், அங்குள்ள குளியலறையைப் பயன்படுத்த அனுமதி கேட்கலாம்.

விமான நிலையத்திலேயே குளித்துவிட்டு வரலாம் என்று நினைத்தால், அந்தக் குளியலறையோ மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் அறையோ குடிவரவுச் சோதனைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையைக் கடந்து வெளியே வந்தபின் உள்ளே திரும்ப முடியாது. உள்ளேயே நேரம் கழித்தால், பெட்டிகள் அதுவரை ஆளின்றிப் பட்டையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே உங்களுக்கு ஏற்றது வெளிப்புறத்தில் இருப்பதுதான். எங்கே குளித்தாலும் மாற்றுடை தேவைப்படும் என்பதால், ஆளுக்கு ஒரு செட் உடையையும் ஒரு துண்டையும் கைப்பையின் மேலாக எடுத்து வையுங்கள்.