முக்கால்வாசி

கேள்வி: செப்டம்பரில் சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் எழுதப் பணம் கட்டிவிட்டேன். பாடம் முக்கால்வாசி முடித்துவிட்டேன். ஆறு வாரம்தான் இருக்கிறது. எழுதுவதா, ஜனவரிக்குத் தள்ளிவிடுவதா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இந்த 'முக்கால்வாசி'யோடு எனக்கு இருபது வருடப் பகை. எங்கள் பத்திரிகை அட்டையை அச்சடிக்கும் இடத்தில் "முக்கால்வாசி ஆச்சு சார்" என்றால் இன்னும் காகிதமே வந்து இறங்கவில்லை என்று பொருள். தையற்காரர் சொன்னால் துணி நாம் கொடுத்த அதே மஞ்சள் பையில் முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. கல்யாண மண்டபத்தில் "சமையல் முக்கால்வாசி முடிஞ்சது" என்று சொன்னவரை நம்பிப் பந்தியில் போய் உட்கார்ந்து, வெறும் இலைக்கு முக்கால் மணி நேரம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தீபாவளி மலர் பற்றிக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன், அது வேறு விஷயம்.

உங்கள் முக்கால்வாசி எது தம்பி? வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்ததா? அதற்கு மார்க் போட மாட்டார்கள்.

நாளை மதியம் சாப்பிட்டுவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு ஒரு மாதிரித் தேர்வுத் தாளோடு உட்காருங்கள். ஐந்துக்குப் பேனாவை வைத்துவிடுங்கள். காலையில் காபியும் தெம்புமாக எழுதினால் அது வேறு ஆள் எழுதிய பரீட்சை. உங்களுக்கு ஹாலில் கிடைக்கப்போவது தூக்கம் சொக்கும் அந்த மூன்று மணி நேரம்தான். கொள்குறி வினா முப்பது மார்க்குக்கும் விரிவான விடை எழுபதுக்கும் சேர்த்து முடிக்க வேண்டும். திருத்தும்போது மட்டும் சிவப்புப் பேனாவை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கம்பெனிச் சட்டத்தில் விதி என்ன, கேள்வியில் வரும் ஆளுக்கு அது எப்படிப் பொருந்துகிறது, அதனால் முடிவு என்ன என்று மூன்றும் வேண்டும். "செல்லாது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, மனதில் மிச்சம் இருந்ததற்கும் சேர்த்து நமக்கு நாமே முழு மார்க் போட்டுக்கொள்வோம். நானும் போட்டிருக்கிறேன்.

ஆறு தாளும் இப்படி எழுதிய பிறகு சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குறைந்த மார்க்கைப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் நாற்பது, குரூப்பின் மொத்தத்தில் பாதி, இதுதான் கணக்கு. முதல் குரூப்பில் கணக்கியல் 62, சட்டம் 41, வரி 43 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 146. நாலு மார்க்கில் போச்சு. ஆனால் இரண்டாவது குரூப்பையும் சேர்த்து எழுதி அதில் 164 வந்திருந்தால், கூட்டினால் 310. அறுநூறுக்கு முந்நூறு தாண்டியதால் இரண்டு குரூப்பும் பாஸ்! இந்த ஆசையில்தான் எல்லோரும் இரண்டையும் கட்டுகிறார்கள். அதே சட்டத்தில் 41க்குப் பதில் 38 வந்தால் எந்த மொத்தமும் காப்பாற்றாது; இரண்டாவது குரூப் மட்டும் தேறும், முதல் குரூப் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று தாள் முப்பதுகளில் இருந்தால், இரண்டாவது குரூப்பை விட்டுவிட்டு ஆறு வாரத்தையும் முதல் குரூப்பில் போடுங்கள். எழுதுவதா தள்ளுவதா என்று இரண்டே கதவு இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், நடுவில் இப்படி ஒன்று இருக்கிறது.

எழுதுவதென்று உட்கார்ந்தால் அந்தக் குரூப்பின் மூன்று தாளுக்கும் போய்விடுங்கள். ஒரு தாளில் 60 வந்தால் அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளை மறுபடி எழுதாமல் விலக்கு உண்டு. சட்டத்துக்குப் பயந்து அன்று வீட்டில் படுத்துவிட்டால், கணக்கியலில் வாங்கிய 62க்கு அந்த விலக்கும் கிடைக்காது. முதல் தாள் சொதப்பியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

எல்லாத் தாளும் முப்பதைத் தொடவில்லையா? அப்போது ஜனவரி. 2024இலிருந்து இன்டர் வருடத்துக்கு மூன்று முறை நடப்பதால் நஷ்டம் நான்கு மாதம், முன்போல ஆறு மாதம் இல்லை. இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி என்பதால் அதுவும் அந்த நான்கு மாதம் தள்ளும். வரிக்கு ஜனவரியில் எந்த ஆண்டின் சட்டத் திருத்தம் வரை பொருந்தும் என்று இன்ஸ்டிட்யூட் அறிவிப்பில் பார்த்துவிட்டுப் பழைய நோட்டைத் திறங்கள்.

எங்கள் ஆடிட்டரிடம் இதைச் சரிபார்க்கக் கொடுத்தேன். "கணக்கு சரி, டீ செலவுக்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்டார். முக்கால்வாசி தேடிவிட்டேன்.